ஜட்ஜ் தேர்வு, இரண்டாம் முறை: எண்ணுவதை விட்டேன், தேறினேன்

குத்துச்சண்டை ஜட்ஜ் தேர்வு முடிவு போன வாரம் வந்தது, தேறிவிட்டேன். முதல் முறை தோற்றபோது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வுக்கு விதிகளை இரண்டு தரம் படித்தால் போதும். ஆளைக் கவிழ்ப்பது, சண்டையைப் பார்த்து மார்க் போடும் செய்முறைதான்.

எங்கள் தாத்தா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். முதல் தேர்விலும் நீல மூலை வீரருக்கு இடது கை விரல், சிவப்புக்கு வலது கை விரல் என்று மடக்கி எண்ணினேன். ஒரு ரவுண்டில் நீலம் 30, சிவப்பு 17 வந்தது. ரவுண்டை நீலம் ஜெயித்ததாக 10-9 போட்டேன். தேர்வாளர் சிவப்புக்குப் போட்டிருந்தார்.

அப்புறம் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். நீலம் முன்னேறி முன்னேறி அடித்ததில் பெரும்பாலானவை சிவப்பின் கிளவுஸிலும் முழங்கையிலும் விழுந்திருந்தன. தலையிலோ இடுப்புக்கு மேல் உடம்பின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, மூடிய கிளவுஸின் முட்டிப் பகுதியால் விழுந்தால்தான் அது குத்து. அப்படிப் பார்த்தால் நீலத்துக்கு 8 தேறியது, சிவப்புக்கு 12. நான் எண்ணியது சத்தத்தை. கிளவுஸில் கிளவுஸ் மோதினால் 'டப்'பென்று கேட்கும். வயிற்றில் இறங்கும் நல்ல குத்து கேட்கவே கேட்காது. போதாததற்கு நீலத்தின் ஊர்க்காரர்கள் சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள்.

இப்படி எண்ணுவது ஒருகாலத்தில் சட்டமாகவே இருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் தெளிவாக ஜெயித்த சண்டையைத் தோற்றதாக அறிவித்தார்கள். பெரிய ரகளை ஆனது. அதற்கு அப்புறம்தான் எண்ணுவது வந்தது. 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் பொத்தான் முறை இருந்தது. அதில் பெரும்பாலான காலம், ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் அமுக்கினால்தான் புள்ளி. 2013-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ரவுண்டை மொத்தமாகப் பார்த்து, ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9, 8 அல்லது 7.

குத்துக்கு அப்புறம் பார்ப்பது, சண்டை யார் இஷ்டப்படி நடந்தது என்பதை. அந்தச் சிவப்புப் பையன் பின்வாங்கியதை நான் பயம் என்று நினைத்தேன். உண்மையில் அவன் நீலத்தை இழுத்துவிட்டு, அரை அடி விலகி, ஜாப் என்ற நேர்க் குத்தை வைத்துக்கொண்டிருந்தான். முன்னேறியது நீலம், ஆனால் ஆட்டம் சிவப்புடையது. அதற்காகப் பின்வாங்கினாலே மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விலகிய பிறகு திருப்பி அடிக்காதவன் ஓடுகிறான், அவ்வளவுதான். மூன்றாவதாக, ஜெயிக்க வேண்டும் என்ற முனைப்பு. முதல் இரண்டிலும் பிரிக்க முடியாதபோதுதான் நான் இதைத் தொடுவேன்.

எனக்குக் கைகொடுத்த ஒரே தந்திரம் இது: மூன்று நிமிடத்தை மூன்று துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு நிமிடமும் முடிந்ததும் 'சி' அல்லது 'நீ' என்று மனசுக்குள் பூட்டிவிடுவேன். இல்லையென்றால் கடைசி இருபது நொடி ஆவேசம் முன்னால் நடந்ததையெல்லாம் அழித்துவிடும். நிதானமானவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். எனக்கு இதுதான் உயிர்.

மற்றவை:
டி.வி.யில் புரொஃபஷனல் சண்டை பார்த்துப் பழகாதீர்கள். அங்கே ஆள் கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. நம் அமெச்சூர் சண்டையில் அதுவும் ஒரு நல்ல குத்துதான், தனிப் புள்ளி கிடையாது.
ஒரு வீரரின் முதுகு உங்கள் பார்வையை மறைத்தால், எதிர்ப்பக்கம் குத்து விழுந்திருக்கும் என்று ஊகிக்காதீர்கள்.
ரெஃபரி கொடுக்கும் வார்னிங் ஒரு புள்ளியைத் தின்னும், அதை நீங்களாக மறுபடி குறைக்காதீர்கள்.

இரண்டாம் முறை கடைசிச் சண்டை. முதல் இரண்டு ரவுண்டும் மயிரிழையில் சிவப்புக்கு, 10-9, 10-9. மூன்றாவதில் மூன்று துண்டும் 'நீ'. சிவப்பால் பதிலே சொல்ல முடியவில்லை. 9 போட்டால் சிவப்பு 29-28 என்று ஜெயித்துவிடும். கை நடுங்கியது, ஆனாலும் 8 போட்டேன். 28-28. சமமானால் ஜட்ஜே ஒருவரைச் சொல்லியாக வேண்டும். நீலம் என்றேன்.

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி?"

"சிவப்பு ஜெயிச்ச ரெண்டும் நூலிழை சார். நீலம் ஜெயிச்சதுல சந்தேகமே இல்ல."

ஏதோ எழுதிக்கொண்டார். "சரி, அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார்.