பதில் வேண்டாத செய்தி

2024 நவம்பர் 6, புதன்

தஞ்சாவூரில் இருக்கும் என் தோழியின் மகள் நேற்று அதிகாலை இறந்துவிட்டாள். ஏழு வயது. தீபாவளியன்று காய்ச்சலில் படுத்தவள், டெங்கு என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்தும், ஆறாம் நாள் விடியும் முன் போய்விட்டாள். நானும் தோழியும் பள்ளி விடுதியில் ஐந்து ஆண்டுகள் அடுத்தடுத்த பாயில் படுத்தவர்கள். நான் மஸ்கட்டில் இருக்கிறேன். விடுப்பு அடுத்த மாதம்தான் கிடைக்கும். ஊரில் இருந்திருந்தால் போய் அவள் அருகில் உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். இங்கிருந்து எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

குழந்தைகள் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை செய்கிறேன். பிள்ளையை இழந்த தாய்மார்களுக்குப் பக்கத்தில் பல முறை நின்றிருக்கிறேன். ஆனாலும் இன்று நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன்.

நவம்பர் 7, வியாழன்

அழித்தவற்றை நினைவிலிருந்து இங்கே எழுதிப் பார்க்கிறேன். முதலில் எழுதியது “ஆழ்ந்த இரங்கல்”. அது சுவரொட்டியின் சொல். அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெற்ற பின் இறந்தாலும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். அடுத்து “கடவுள் தனக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார்” என்று எழுதினேன். என் பிரிவில் ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டு, “எனக்கும்தானே அவளைப் பிடித்திருந்தது” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்றாவது, “மனதைத் தேற்றிக்கொள்” என்பது. தேறுவதும் அவள் செய்ய வேண்டிய வேலை என்று அவள் தலையில் ஏற்றுகிறது. நான்காவதுதான் எனக்கே அதிர்ச்சி: “என்ன உதவி வேண்டுமானாலும் கேள்” என்று எழுதியிருந்தேன். சோறு இறங்காத ஒருத்தி, தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, சொல்லாக்கி, கடல் கடந்து இருப்பவளிடம் கேட்க வேண்டும் என்றால் அது உதவியாகுமா?

இரவு முழுவதும் தமிழில் “கையறுநிலை” என்று ஒரு துறை இருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இறந்தவரை நினைத்துச் செயலற்று நிற்பவர் பாடும் பாட்டு அது. புறநானூற்றில் பாரி மகளிர் தந்தையை இழந்து பாடியது ஐந்தே அடிதான். அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இன்றைய நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. அவ்வளவுதான் சொல்கிறார்கள். ஆறுதலும் இல்லை, காரணமும் இல்லை. இருந்தது, இப்போது இல்லை என்பதை ஒரு குறிப்பிட்ட இரவோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். நானும் ஒரு நாளை, ஒரு இடத்தைத்தான் தேட வேண்டும் என்று அப்போது புரிந்தது.

நவம்பர் 8, வெள்ளி

காலையில் அனுப்பிவிட்டேன். குழந்தையின் பெயரில்தான் தொடங்கினேன். இந்தக் குறிப்பைப் பலர் படிப்பார்கள் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் செய்தியில் “பாப்பா”, “குழந்தை” என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. இறந்த மறுநாளிலிருந்தே வீட்டுக்கு வருபவர்கள் அந்தப் பெயரை வாயில் எடுக்கப் பயப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“... போய்விட்டாள் என்று அம்மா சொன்னார்கள். இதற்கு என்னிடம் சொல் இல்லை; இரண்டு நாளாகத் தேடியும் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு மே மாதம் நாம் மூவரும் ரயில்வே கேட்டில் நின்றபோது, அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணி 22 என்று சொன்னாள். நான் எண்ணாமலேயே தலையாட்டியதற்குக் கோபித்துக்கொண்டாள். அந்தக் கோப முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை எட்டு மணிக்கு என் அம்மா உங்கள் இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். கதவைத் திறக்க வேண்டாம், பேச வேண்டாம், பாத்திரத்தைக் கழுவித் தரவும் வேண்டாம். இதற்குப் பதில் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எழுதுவேன்.”

முடிவில் “வருகிறேன்” என்றோ “பார்த்துக்கொள்” என்றோ எழுதவில்லை. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் நம் வழக்கம். சிறுவயதில் அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. இன்று அந்த வழக்கம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

“உங்கள் இருவருக்கும்” என்பதை யோசித்தே எழுதினேன். அவள் கணவரிடம் எல்லோரும் “அவள் எப்படி இருக்கிறாள்” என்றுதான் கேட்பார்கள். அவருக்குத் தனியாகவும் இரண்டு வரி அனுப்பினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அதிகாலை மூன்று மணிக்கு அவளிடமிருந்து ஒரே வரி வந்திருந்தது: “22 இல்லை, 23. அவள் எஞ்சினையும் சேர்த்துத்தான் எண்ணுவாள்.”

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “ஆமாம், 23. நான் எண்ணவில்லை, அவள் சொன்னதுதான் சரி” என்று மட்டும் எழுதினேன்.

நவம்பர் 21, வியாழன்

அவர்கள் வீட்டு வழக்கத்தில் சிறு பிள்ளையைப் புதைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் கிடையாது. அதனால் உறவினர் மீண்டும் கூடி வருவதற்கு ஒரு நாளே இல்லாமல் போய்விட்டது. மூன்றாம் நாளே வீடு காலியாகிவிட்டது என்று அம்மா சொன்னார்கள். பள்ளிக்கூடக் குழுவில் மட்டும் தினமும் வீட்டுப்பாடம் வந்துகொண்டிருக்கிறதாம். வகுப்பாசிரியரிடம் பேசி அந்தக் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட நான் முந்திக்கொண்டு ஏற்பாடு செய்யப் பார்த்தேன். நல்லவேளையாக முதலில் அவளிடம் கேட்டேன். “இருக்கட்டும், நான் தினமும் படிக்கிறேன்” என்றாள்.

இன்று அவளே அழைத்தாள். நாற்பது நிமிடங்களில் நான் பேசியது மிகக் குறைவு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்ததையும், மோர்ச் சோறு பிசைந்து ஊட்டியதையும், மாலையில் வயிறு வலிக்கிறது என்று மகள் சொன்னபோது மோர் சேரவில்லை என்று தான் நினைத்துக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, “அப்போதே கொண்டுபோயிருந்தால்?” என்று கேட்டாள்.

“உன்மேல் தப்பே இல்லை” என்று உடனே சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அப்படிச் சொன்னால் அந்தக் கேள்வியோடு அவளைத் தனியே விட்டுவிடுவேன் என்று தோன்றியது. “எதுவும் செய்திருக்க முடியாது” என்று சொல்லவும் முடியாது. எனக்குத் தெரியாததை அவளிடம் சொல்ல மாட்டேன். அதனால் தெரிந்ததைச் சொன்னேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். உடம்பு தொட்டால் குளிர்ந்திருக்கும். பார்ப்பவருக்குக் குணமாவது போலவே தெரியும். கையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் எந்தத் தாயும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றுவலி அதன் அறிகுறிகளில் ஒன்று என்பது எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தந்தது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. “அன்று உனக்குத் தெரிந்ததை வைத்து நீ பசித்த பிள்ளைக்குச் சோறு ஊட்டினாய்” என்றேன். அவள் அழுதாள். நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை; “அழாதே” என்றும் சொல்லவில்லை.

இதை முதல் செய்தியிலேயே எழுதியிருந்தால், அவள் கேட்காத கேள்வியை நானே அவள் மனதில் போட்டிருப்பேன்.

டிசம்பர் 12, வியாழன்

இன்று அந்தப் பிள்ளையின் பிறந்தநாள். தவறவிடக் கூடாது என்று கைபேசியில் முன்பே குறித்து வைத்திருந்தேன். நினைவுபடுத்தினால் வலிக்குமே என்று காலையில் கொஞ்சம் தயங்கினேன். அவள் இன்று இதை மறந்திருப்பாள் என்று நான் எப்படி நினைக்க முடியும்? பெயரை எழுதி, “இன்று அவளுக்கு எட்டு வயது” என்று அனுப்பினேன்.

மாலையில் பதில் வந்தது. கேட் மூடும் நேரத்துக்கு அவளும் கணவரும் நடந்து போய் நின்றார்களாம். ஞாயிறு காலை தஞ்சாவூர் போய்ச் சேருவேன்.