வங்குக்கு முன்னே பலகை

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில், குளத்து மீனவர்களுக்காக ஒட்டுப்பலகையில் தோணி செய்து கொடுத்தோம். முத்தையன்கட்டுக் குளம் போன்ற இடங்களில் வலை போடுகிறவர்களுக்குக் கடலுக்குப் போகும் பெரிய பைபர் வள்ளம் தேவையில்லை. இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றக் கூடியதாக, மூன்றரை மீற்றர் நீளத்தில், ஆறு மில்லிமீற்றர் பலகையில் செய்த தோணியே போதும். முதல் தோணிக்கான வரைபடத்தை நான்தான் கீறினேன். அதை முழு அளவில் தரையில் இறக்கிய நாட்களில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தரையில் கீறும் முறை பழையது. தோணியின் நீளத்தைச் சம இடைவெளியில் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் தெரியும் என்று கணக்கிட்டுக்கொள்வோம். அந்த இடங்களை நிலைகள் என்போம். எங்கள் தோணியில் அரை மீற்றருக்கு ஒன்றாக, அணியத்தில் பூச்சியத்திலிருந்து பின்பக்கம் 7 வரை எட்டு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் தோணியின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவின் உயரம், அடிப்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் மூலை விளிம்பின் உயரம், அதன் அரையகலம் ஆகியவை அளவு அட்டவணையில் இருக்கும். சீமெந்துத் தரையில் கட்டம் போட்டு, இந்தப் புள்ளிகளில் ஆணி அடித்து, கணு இல்லாத மெல்லிய ரீப்பையை ஆணிகளோடு சாய்த்து வளைத்துக் கோடு இழுப்போம். ரீப்பை ஓர் ஆணியைத் தொட மறுத்தால் அந்த அளவு பிழை. ஆணியைப் பிடுங்கி, ரீப்பை தானாகப் போகும் வழியில் விடவேண்டும். மேலிருந்து பார்க்கும் படத்திலும் பக்கத்திலிருந்து பார்க்கும் படத்திலும் கோடுகள் மேடுபள்ளம் இல்லாமல் ஓடினால் அட்டவணை சரி என்று எடுத்துக்கொள்வோம்.

என் அட்டவணை இந்தச் சோதனையில் நன்றாகத் தேறியது. தகரக் கூரைக்குக் கீழே முழந்தாளிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடுகளை நீளவாக்கில் பார்த்தேன். எங்கும் ஒரு முறிவு இல்லை. நிலைகளில் ஏராவையும் மூலை விளிம்பையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின்படி, பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான வங்குகளை அறுத்து நிறுத்தினோம்.

பலகையை ஏற்றியபோது தவறு தெரிந்தது. ஏராவிலும் மூலை விளிம்பிலும் பலகை அழகாக உட்கார்ந்தது. ஆனால் இரண்டாம் நிலை வங்கின் நடுப்பகுதியில், வங்குக்கும் பலகைக்கும் இடையே என் சுட்டுவிரல் நுழைந்தது. அளந்தால் 12 மில்லிமீற்றர் இடைவெளி. வங்கு குட்டையாகிவிட்டது என்று நினைத்து, திருகாணி போட்டுப் பலகையை உள்ளே இழுத்தேன். இரண்டாவது ஆணி இறுகும்போது மேல் அடுக்கு ஒரு சத்தத்தோடு கீறி வெடித்தது. நிலைகளுக்கு நடுவே மூலை விளிம்பும் அலை போல நெளிந்துவிட்டது.

பட்டறையில் இருந்த ஓடாவியார் வந்து பார்த்தார். பலகையைத் தட்டிவிட்டு, "தம்பி, கோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் என்ன இருக்கும் என்று நீர் யோசித்தீரா?" என்று கேட்டார்.

நான் யோசித்திருக்கவில்லை. இரண்டு விளிம்புகளும் வழுவழுப்பாக ஓடுவது ஒரு விஷயம். அவற்றுக்கு நடுவே தட்டையான ஒரு தாள் உட்காருமா என்பது வேறு விஷயம். ஒட்டுப்பலகை ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் வளையும். கடதாசியைச் சுருட்டிக் கடலைச் சுருள் செய்யலாம், குழாய் செய்யலாம். அதே கடதாசியால் பந்தைச் சுருக்கமின்றிப் போர்த்த முடியாது. சுருளின்மேல் மட்டக்கம்பை வைத்தால், கூர்முனையிலிருந்து வாய்வரை செல்லும் கோடுகளில் மட்டும் கம்பு முழுநீளமும் ஒட்டும். அதை நான் நேர்வரி என்கிறேன். தட்டையாக விரிக்கக்கூடிய எந்தப் பலகையிலும் இப்படி நேர்வரிகள் இருக்கும். ஒரு நேர்வரியின் இரு முனைகளிலும் பலகை ஒரே தளத்தில் இருக்கவேண்டும், முறுக்கு இருக்கக்கூடாது.

என் வங்குகளில் அந்த முறுக்கு இருந்தது. முதலாம் நிலையில் அடிப்பலகையின் சரிவு 39 பாகை. அரை மீற்றர் தள்ளி, இரண்டாம் நிலையில் அது 24 பாகை. அரை மீற்றருக்குள் 15 பாகை திரும்பு என்று பலகையிடம் கேட்டிருக்கிறேன்.

இதைப் பலகை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவதற்கு நீளம் அளக்கத் தெரிந்தால் போதும். அடுத்தடுத்த இரு நிலைகளில் ஏராப் புள்ளிகள் இரண்டும் விளிம்புப் புள்ளிகள் இரண்டும் சேர்ந்து ஒரு நாற்கோணம். அதன் நான்கு பக்கங்களுக்கும் ஒரு மூலைவிட்டத்துக்கும் உண்மை நீளத்தைக் கணக்கிடவேண்டும். நீளவாக்கு, அகலம், உயரம் என்ற மூன்று வித்தியாசங்களையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் உண்மை நீளம் கிடைக்கும். அந்த ஐந்து நீளங்களையும் கொண்டு இரு முக்கோணங்களாக அதைத் தட்டைத் தாளில் கீறிவிட்டு, மீதமுள்ள மூலைவிட்டத்தைத் தாளில் அளக்கவேண்டும். உண்மையில் அது எவ்வளவோ தாளிலும் அவ்வளவே வந்தால், நாற்கோணம் தட்டையானது. தாளில் நீண்டால், மூலைவிட்டத்தில் மடிந்திருந்த ஒன்றை நாம் விரித்துவிட்டோம் என்று பொருள்.

என் முதலாம், இரண்டாம் நிலைகளில் ஏராவின் உயரம் 90, 30 மில்லிமீற்றர். விளிம்பின் அரையகலம் 260, 430. உயரம் 300, 220. மீதமுள்ள மூலைவிட்டத்தின் உண்மை நீளம் 625 வந்தது. தாளில் விரித்தபோது 633. ஓர் அரை மீற்றர்த் துண்டில் எட்டு மில்லிமீற்றர் என்பது சிறிய பிழையே அல்ல.

ஆனால் இந்தச் சோதனை பலகை எங்கே உட்காரும் என்று சொல்லாது. நேர்வரிகள் நிலைகளோடு சேர்ந்து போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அணியத்தில் அவை பெரும்பாலும் சாய்ந்தே போகும். அவற்றைத் தேடும் வழியை ஓடாவியார் பத்தில் ஒரு அளவுப் படத்தில் காட்டினார். ஏரா முழுவதும் தோணியின் நடுத்தளத்தில் இருப்பதால் வேலை எளிது. மேற்படத்தில், விளிம்பின் ஒரு புள்ளியில் தொடுகோடு இழுத்து, அது நடுக்கோட்டை வெட்டும் இடத்தைக் குறிக்கவேண்டும். பக்கப்படத்தில் அதே இடத்தில் நிலைக்குத்துக் கோடு போட்டு, விளிம்பின் தொடுகோடும் ஏராவின் தொடுகோடும் அதை எங்கே வெட்டுகின்றன என்று பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே புள்ளியில் வெட்டினால், அந்த ஏராப் புள்ளியையும் விளிம்புப் புள்ளியையும் இணைப்பதே நேர்வரி.

என் இரண்டாம் நிலையில் இரு புள்ளிகளையும் அப்படிச் சோதித்தோம். தாளில் இரண்டு வெட்டுப்புள்ளிகளும் 27 மில்லிமீற்றர் விலகி நின்றன. முழு அளவில் அது 27 சென்ரிமீற்றர். உண்மை நேர்வரி எங்கே என்று தேடிப் போனால், இரண்டாம் நிலை ஏராவிலிருந்து நாலாம் நிலையை நெருங்கும் விளிம்புவரை சாய்ந்து கிடந்தது. அந்த வரிகள் நிலைகளை வெட்டும் இடங்களில் உயரங்களைப் படித்தபோது, நேர்கோட்டைவிட இரண்டாம் நிலையில் பலகை ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் வெளியே இருக்கவேண்டும் என்று தெரிந்தது. என் விரல் நுழைந்த அதே 12. பலகை சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. நான் அதை ஆணி போட்டு இழுத்து உடைத்திருக்கிறேன். அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. வங்குகளின் நடுவை 12 மில்லிமீற்றர் உருட்டிச் செய்யலாம். பலகை அதில் உட்காரும். ஆனால் நேர்வரிகள் இவ்வளவு சாய்ந்து கிடந்தால், சிறு அளவுப் பிழையும் வங்கின் வடிவத்தைப் பெரிதாக மாற்றிவிடும் என்றார் ஓடாவியார். மற்ற வழி, அணியத்தில் ஏராவை உயர்த்துவது. முதலாம் நிலையில் 90ஐ 155 ஆக்கினோம். இரண்டாம் நிலையில் 30ஐ 50 ஆக்கினோம். மூன்றாம் நிலையின் 5ஐத் தொடவில்லை. ரீப்பையை மறுபடி வளைத்தபோது கோடு வழுவழுப்பாகவே போனது. இப்போது இரண்டாம் நிலை ஏராவிலிருந்து புறப்பட்ட நேர்வரி, மூன்றாம் நிலை விளிம்புக்கு நாலைந்து சென்ரிமீற்றர் முன்னே முடிந்தது. அதற்கு அடுத்த நேர்வரியோடு சேர்த்து நாற்கோணமாக விரித்துப் பார்த்தேன். மூலைவிட்டம் உண்மையில் 554, தாளிலும் 554. இரண்டாம் நிலை வங்கின் உருட்டு 5 மில்லிமீற்றரளவுக்குக் குறைந்தது. இழைப்புளி போட்டே அதைச் சரிசெய்துவிடலாம்.

அதன் பிறகு எங்கள் வேலையின் ஒழுங்கு மாறியது. முதலில் விளிம்புகள், பிறகு நேர்வரிகள், கடைசியில்தான் வங்குகள். நேர்வரிகள் நிலையை வெட்டும் புள்ளிகளைச் சேர்த்து வளைகோடாக இழுத்தே வங்கை அறுத்தோம். மறக்கக்கூடாத ஒன்று: கீறிய கோடு பலகையின் வெளிப்புறம் என்றால், வங்குக்கு ஆறு மில்லிமீற்றரைக் கழிக்கவேண்டும், அதையும் குறுக்குவெட்டில் நேராகக் கழிக்காமல், பலகைக்குச் செங்குத்தாகக் கழிக்கவேண்டும். அணியத்தில் பலகை சாய்ந்து வருவதால் குறுக்குவெட்டில் அது ஆறைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தட்டை வடிவத்தைப் பலகையில் கீறுவதற்கு முன், தடித்த அட்டையில் பத்தில் ஒரு அளவில் வெட்டி ஒட்டிப் பார்ப்போம். அட்டையை மட்டும் நம்பக்கூடாது. சிறிது முறுக்கை அது பொறுத்துக்கொள்ளும். ஆறு மில்லிமீற்றர் பலகையில் அந்த முறுக்கு வங்குக்கு மேல் இடைவெளியாக வந்து நிற்கும். எனவே அட்டை பொருந்தினாலும் மூலைவிட்டக் கணக்கை நான் விடுவதில்லை.

இரண்டாவது தோணிக்குப் பலகை ஏற்றியபோது விளிம்புகளில் இரண்டிரண்டு ஆணிதான் போட்டோம். அது தானாக வங்குகளில் படிந்தது. ஓடாவியார் மெல்லிய கத்தி அலகை எடுத்து ஒவ்வொரு வங்கின் நடுவிலும் செருகிப் பார்த்தார். இரண்டாம் நிலையில் அலகு போகவில்லை. முதலாம் நிலையில் கால் அங்குலம் நுழைந்து நின்றது. அணியக் கட்டைக்கு அருகே நேர்வரிகள் நெருங்கி வரும் இடத்தில் நான் இரண்டு வரிகள் மட்டுமே எடுத்திருந்தேன். அங்கே நாலு எடுத்திருக்கவேண்டும்.

ஏராவை உயர்த்தியதற்கும் ஒரு விலை உண்டு. அணியத்தின் அடி முன்பிருந்த கூர்மையை இழந்து தட்டையாகிவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளத்தில் குறுகிய அலை எழும்போது முன்பக்கம் தண்ணீரை அறைகிறது என்று தோணியை எடுத்தவர் வந்து சொன்னார். ஏராவை 155இலிருந்து 130 அளவுக்கு இறக்கி, அதற்கேற்ப விளிம்பையும் அணியத்தில் சற்றுத் தாழ்த்தினால் நேர்வரிகள் எப்படிச் சாயும் என்று இப்போது தாளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.