குத்தியவர் ஒருவர், ஊசி போட்டவர் வேறொருவர்

ஜூன் 10, நாகர்கோவில்

சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கும் எங்களுக்கு சீனியர் இன்று ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்தார். மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை விலையில் தகராறு. க என்பவர் ச-வின் வயிற்றில் கத்தியால் குத்துகிறார். சிறுகுடலில் ஓட்டை. அன்றே ஆபரேஷன் செய்து தைத்துவிடுகிறார்கள். பரிசோதனை ஊசியிலேயே உடம்பெல்லாம் தடித்துப்போனதால் ‘பென்சிலின் கூடாது’ என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுகிறார்கள். எட்டாம் நாள் ச எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், காய்ச்சல் இல்லை, புண் பெரும்பாலும் ஆறிவிட்டது. அன்று இரவு வந்த வேறொரு டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் பென்சிலின் போடுகிறார். சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து ச இறந்துபோகிறார்.

க கொலைகாரரா?

கூடப் படிக்கும் அக்கா உடனே சொன்னார்: “பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 100, விளக்கம் 2. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாலும் காயப்படுத்தியவரே மரணத்தை விளைவித்தவர். முடிந்தது.”

சீனியர் சிரிக்கவில்லை. “மக்ளே, அந்த விளக்கத்தை முதல் வார்த்தையில இருந்து வாசி” என்றார்.

ஜூன் 11

வாசித்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 299-இல் இருந்ததுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 100-க்கும் வந்திருக்கிறது. ‘உடற்காயத்தால் மரணம் விளைந்திருந்தால்’ என்றுதான் விளக்கம் 2 தொடங்குகிறது. அதுதான் நிபந்தனை. காயம் கொன்றது என்று நிலைநாட்டிய பிறகே, நல்ல சிகிச்சை காப்பாற்றியிருக்கும் என்ற வாதத்தை அது அடைக்கிறது. காயம் கொன்றதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நம் கதையில் ச-வைக் கொன்றது மருந்து.

இங்கிலாந்தில் 1956-இல் வந்த ஜோர்டன் வழக்கு ஏறக்குறைய இதேதான். கத்திக் காயம் பெரும்பாலும் ஆறிவிட்டது. டெர்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய பிறகு இன்னொரு டாக்டர் மறுபடி கொடுக்கச் சொன்னார். நரம்பு வழியாக அளவுக்கு மீறித் திரவமும் ஏற்றினார்கள். சிகிச்சை வெளிப்படையாகத் தவறானது என்று மேல்முறையீட்டில் புதிய மருத்துவச் சாட்சியம் வர, கொலைத் தீர்ப்பு ரத்தானது. காயத்துக்கும் மரணத்துக்கும் இடையில் வந்து காரணச் சங்கிலியை அறுக்கும் இந்தப் புதிய செயலைத்தான் நோவஸ் ஆக்டஸ் இண்டர்வீனியன்ஸ் என்கிறார்கள்.

மூன்று ஆண்டு கழித்து வந்த ஸ்மித் வழக்கில் முடிவு வேறு. பயனெட்டால் குத்துப்பட்ட சிப்பாயைத் தூக்கிப்போகும்போது இரண்டு முறை கீழே போட்டார்கள். நுரையீரல் துளைபட்டது தெரியாமல் செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். சிகிச்சை மகா மோசம். ஆனாலும் இறக்கும் நேரத்தில் காயம் வேலைசெய்துகொண்டே இருந்தது, அதனால் தண்டனை உறுதியானது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்குத் துணையாக மட்டும் வரும்.

ஜூன் 13, மழை

சீனியர் கதையை மாற்றினார். பென்சிலின் இல்லை. குடலில் இரண்டு ஓட்டைகள். சர்ஜன் பின்புறத்து ஓட்டையைக் கவனிக்காமல் ஒன்றை மட்டும் தைக்கிறார். மலம் கசிந்து, வயிற்று உறையில் சீழ் பிடித்து, ரத்தத்தில் கிருமி பரவி, அதே எட்டாம் நாள் மரணம்.

டாக்டரின் கவனக்குறைவு இங்கே குறைந்தது என்று சொல்லவே முடியாது. ஆனால் சீழ் பிடித்தது கத்தி போட்ட ஓட்டையால். டாக்டர் மரணத்தைத் தடுக்கத் தவறினார். புதிதாக ஒரு மரணத்தைக் கொண்டுவரவில்லை. இங்கேதான் விளக்கம் 2 கச்சிதமாகப் பொருந்தும். டாக்டரின் தவறு எவ்வளவு பெரியது என்று அளப்பதிலேயே நாங்கள் நின்றுவிட்டோம். அந்தத் தவறு எந்த வழியாகக் கொன்றது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா கேட்டார்: “கசிவைச் சரிசெய்ய இரண்டாவது ஆபரேஷன் பண்ணும்போது மயக்க மருந்தில் இறந்தால்?” அந்த ஆபரேஷனைத் தேவைப்படுத்தியதே காயம், அதன் வழக்கமான ஆபத்தும் காயத்தோடு வருவது. சங்கிலி அறாது என்பேன். சீனியரும் தலையாட்டினார்.

ஜூன் 14

இதெல்லாம் கோர்ட்டில் டாக்டர் வாயிலிருந்து வர வேண்டும். இறந்த அன்று காயத்தின் நிலை என்ன? பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் சீழ் இருந்ததா? ஊசிக்கும் மரணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம்? ஊசி போடாதிருந்தால் இந்தக் காயம் மட்டுமே கொன்றிருக்குமா? மோதி சிங் வழக்கில் சுடப்பட்டவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போன பிறகு இறந்தார், பிரேதப் பரிசோதனை இல்லாமலே உடல் எரிக்கப்பட்டது. காயத்தால்தான் இறந்தார் என்று நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சங்கிலி அறாமல் இருந்தாலும் அது தானாகக் கொலையாகிவிடாது. எண்ணம் என்ன, போட்ட காயம் இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்று கொலையை வரையறுக்கும் பிரிவு 101-இன் கீழ் தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் என் பதில் இது. இரண்டாவது கதையில் மரணம் க-வின் கணக்கில். வயிற்றில் ஆழமாகக் குத்தியதால் கொலை வாதம் வலுவாகவே இருக்கிறது. முதல் கதையில் மரணம் அவர் தலையில் ஏறாது. அதற்காக வீட்டுக்கும் போக முடியாது: கொல்லும் எண்ணம் நிரூபணமானால் 109-இல் கொலை முயற்சி, இல்லாவிட்டால் 118(2)-இல் ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம். அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குத்தாமல் இருந்தால் ச அந்தக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டாரே என்கிறார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் சட்டத்துக்கு அது மட்டும் போதாது. நாளை இதையே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.