தம்பி தண்ணீரில் விழுந்தால் நீ என்ன செய்வாய்?

இந்தக் கேள்வியை என் மகளிடம் ஒருநாள் சும்மாதான் கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நானும் குதிச்சு அவனைத் தூக்கிடுவேன்" என்றாள். அவளுக்கு 10 வயது, தம்பிக்கு 7. இருவரும் அப்போதுதான் மிதக்கக் கற்று முடித்திருந்தார்கள். அந்தப் பதில் என் வயிற்றைப் பிசைந்தது. மிதக்கத் தெரியும் என்கிற தைரியத்தில்தான் குதிப்பேன் என்கிறாள், அந்தத் தைரியத்தைக் கொடுத்தவனே நான்தான். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

முதல் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

மிதக்கப் பழக்கியது நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், சின்னவனுக்கு நெஞ்சளவு தண்ணீரில். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளைப் பயிற்சியாளர் முதல் நாளே கழற்றச் சொல்லிவிட்டார். அவற்றை மாட்டிய பிள்ளை தண்ணீரில் செங்குத்தாக நின்றே பழகிவிடும், மூழ்குகிறவர் நிற்பதும் அதே நிலையில்தான் என்றார். மல்லாந்து படுக்கும் உடம்பைப் பழக்க வேண்டுமானால் பட்டை இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

பெரியவள் இரண்டாம் நாளே மிதந்துவிட்டாள். சின்னவனுக்குத்தான் ஐந்து நாள் பிடித்தது. மல்லாந்து படுப்பான், இரண்டு நொடியில் இடுப்பு மடங்கி உட்கார்ந்த மாதிரி மூழ்குவான். காலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து நான் காலையே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் என் கையை எடுத்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். "அவன் தலையைப் பாருங்க" என்றார். பார்த்தால், காது தண்ணீரில் படாதபடி அவன் கழுத்தை விறைப்பாகத் தூக்கி வைத்திருந்தான். தலை எவ்வளவு தண்ணீருக்கு மேலே வருகிறதோ அவ்வளவு எடை உடம்பைக் கீழே அழுத்தும், இடுப்பு இறங்கும். காது முழுக்க நனைந்து, முகவாய் வானத்தைப் பார்த்தால் இடுப்பு தானாக மேலே வரும்.

காது நனைவதற்கு அவன் ஏன் பயந்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது. தண்ணீருக்குள் காது போனதும் வெளியே வரும் சத்தம் சரியாகக் கேட்பதில்லை. நான் விட்டுவிட்டுப் போய்விட்டேனோ என்று நினைத்திருக்கிறான். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவன் தலை என் உள்ளங்கையில் இருக்கும்வரை என் கட்டைவிரல் அவன் நெற்றியோரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டுவது நின்றால் கையை எடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். சொல்லாமல் ஒருமுறைகூட கையை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தட்டுவதை நிறுத்தினேன், கையை எடுத்தேன், அவன் வானத்தைப் பார்த்தபடியே கிடந்தான்.

இன்னொரு விஷயம் மூச்சு. நெஞ்சு நிறையக் காற்றிருந்தால் உடம்பு மேலே நிற்கும், விட்டுவிட்டால் இறங்கும். மூச்சை இழுத்து 5 எண்ணும்வரை நிறுத்தி, சட்டென்று விட்டு, சட்டென்று இழுப்பது என்று பழக்கினோம். ஒருநாள் முகத்தில் தண்ணீர் தெறித்ததும் அவன் "அப்பா!" என்று நீளமாகக் கத்தினான், கத்திய வேகத்தில் காற்றெல்லாம் வெளியேறி உடனே கீழே போனான். தூக்கி நிறுத்தியபோது அவனே சொன்னான், "கத்தினா மூழ்குது". அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் மித, மூச்சு அடங்கட்டும், அப்புறம் கூப்பிடு என்பது எங்கள் விதியானது.

கடைசி மூன்று நாள் சாதாரண உடுப்போடு பழகினோம். தண்ணீரில் விழுகிற பிள்ளை நீச்சல் உடையில் விழுவதில்லை, மல்லாந்தும் விழுவதில்லை. கரையில் உட்கார வைத்துப் பக்கவாட்டில் சாய்த்துவிடுவேன். குப்புற விழுந்து, புரண்டு மல்லாந்து, மிதக்க வேண்டும். நனைந்த துணி கீழே இழுக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது பெரிய சுமையாக இல்லை, கரையேறும்போதுதான் கனத்தது. ஒரு நிமிடம் இப்படி மிதந்தபோது போதும் என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும்.

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, குதிக்கக் கூடாது என்று விளக்கினேன். மூழ்குகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. கிடைத்ததைப் பிடித்து அதன்மேல் ஏறத்தான் பார்ப்பார். தம்பியே ஆனாலும் அவள் தோளை அழுத்தி ஏறுவான், இரண்டு பேரும் போவார்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது எங்கும் நடக்கிறது. அவள் தலையாட்டினாள், திருப்பியும் சொன்னாள். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தத்தளிப்பது போல் நடித்தேன். அவள் கரையோரம் ஓடிவந்து, குனிந்து, கையை நீட்டினாள். லேசாகத்தான் இழுத்தேன், தலைகுப்புற உள்ளே வந்து விழுந்தாள். தூக்கிவிட்டபோது, "நான் குதிக்கலையே அப்பா" என்றாள். அவள் சொன்னது சரிதான். குதிக்காதே என்றுதான் சொல்லியிருந்தேன், கை கொடுக்காதே என்று சொல்லவில்லை. தவிர, வாயால் சொல்லிப் புரியவைத்தது பதற்றத்தில் உடம்புக்கு எட்டுவதில்லை என்பதும் அப்போது தெரிந்தது. செய்து செய்துதான் பழக வேண்டும்.

அதனால் வரிசையை உடம்பால் பழக்கினோம். முதலில் பெரியவர்களைக் கூவி அழைப்பது. அடுத்து, படுப்பது. நின்றபடியோ குனிந்தபடியோ எதையும் நீட்டக் கூடாது. கரையில் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, நெஞ்சு தரையில் பட, ஒரு கையால் தரையில் எதையாவது பிடித்துக்கொண்டு, மறு கையால் குச்சியோ துண்டோ நீட்ட வேண்டும். படுத்திருக்கும் பிள்ளையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே விழவில்லை. இழுப்பு தாங்காவிட்டால் குச்சியை விட்டுவிட வேண்டும். இதையும் பழக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பிள்ளைகள் எதையும் விட மாட்டார்கள். நான் வெடுக்கென்று இழுப்பேன், அவள் கையைத் திறக்க வேண்டும். இருபது தடவையாவது செய்திருப்போம்.

எட்டாத தூரத்துக்கு, மூடி இறுக்கிய 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன். காலிக் கேனை வீசினால் காற்று அதை எங்கேயோ கொண்டுபோய்விடுகிறது. அரை லிட்டர் தண்ணீர் ஊற்றியதும் நேராகப் போனது. மிச்சக் காற்று ஒருவரின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தப் போதும். கைப்பிடியில் 8 மீட்டர் கயிறு கட்டினோம், நனைந்தாலும் கைக்கு அகப்படும் விரல் தடிமன் கயிறு. மறுமுனையில் பெரிய முடிச்சு. அந்த முனையைக் காலடியில் மிதித்துக்கொள்ள வேண்டும், மணிக்கட்டில் ஒருபோதும் சுற்றக் கூடாது. முதல் நாள் அவள் அதை மறந்து வீச, கேனோடு கயிறும் முழுசாகத் தண்ணீருக்குள் போனது.

எங்கே வீசுவது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தோம். அவள் என் முகத்துக்கு நேரே வீசினாள், கேன் ஒரு முழம் முன்னால் விழுந்தது. நான் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, நான் நடிப்பதே தப்பு என்றார். உண்மையில் மூழ்குகிறவர் கையை நீட்ட மாட்டார், கையை ஆட்டிக் கூப்பிடவும் மாட்டார். தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும், இரண்டு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், ஏணியில் ஏறுவது போலத் தெரியும். சத்தமே இருக்காது, மூச்சு விடவே நேரம் போதாதவரால் கத்த முடியாது. இந்த நிலை 20 முதல் 60 நொடிக்கு மேல் நீடிக்காது. அந்தக் கைகள் அவர் சொல் கேட்பதில்லை. ஒரு முழம் தள்ளிக் கிடக்கும் கேன் அவருக்கு இல்லாத மாதிரிதான்.

அன்றிலிருந்து நான் கையை நீட்டவில்லை. கேன் தலையைத் தாண்டி விழ வேண்டும், அப்புறம் கயிறு தோளில் உரசும்படி இழுத்து, கேனை அவர் கைக்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கீழிருந்து மேலாக, வாளியை ஆட்டி விடுவது போல் வீசினால்தான் தூரம் போனது. கைக்கு வந்ததும் "பிடி! நெஞ்சோட பிடி!" என்று கத்த வேண்டும். நீளமாகப் பேசினால் எதுவும் காதில் ஏறாது. முதல் வீச்சு தவறினால் கயிற்றை அழகாகச் சுருட்டிக்கொண்டிருக்காமல், இழுத்துக் காலடியில் குவித்துவிட்டு மறுபடி வீச வேண்டும்.

கரைக்கு இழுத்துவிட வேண்டும் என்கிற கட்டாயம் அவளுக்கு இல்லை. என் எடையை அவளால் இழுக்க முடியவில்லை, முயன்றபோது அவள்தான் விளிம்புக்கு வழுக்கினாள். கேன் கைக்குப் போய்ச் சேர்ந்தாலே நேரம் கிடைத்துவிடுகிறது. பிடித்திருப்பவர் மிதப்பார், அவள் கூவிக்கொண்டே இருக்கலாம். தூக்கிய பிறகு செய்வதெல்லாம் பெரியவர்கள் வேலை. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலக் கூடாது, மூச்சில்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுவதில்தான் தொடங்க வேண்டும். அதை நானும் மனைவியும் தனியாகப் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து, சொல்லாமல் ஒரு சோதனை வைத்தேன். பயிற்சியாளர் சின்னவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். அவன் பேசி வைத்தபடி கரையிலிருந்து 4 மீட்டர் தள்ளி, சத்தமில்லாமல், வாயை நீர்மட்டத்தில் வைத்து நின்றான். மகள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கால் தண்ணீரை நோக்கி வந்தது, நான் பார்த்தேன். அந்தக் கால் அப்படியே நின்றது. "அப்பா! தம்பி!" என்று கூவியபடி கேனை எடுத்தாள், கயிற்றை மிதித்தாள், வீசினாள். முதல் வீச்சு அகன்று போனது. இரண்டாவது அவன் தலைக்கு மேலே போய் விழுந்தது, கயிறு தோளில் உரசியது.

அவள் கை வலுவுக்கு இப்போது 6 மீட்டர்வரை ஒழுங்காகப் போகிறது. கயிற்றில் அந்த இடத்தில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருக்கிறோம். அதற்கு அப்பால் யாராவது தத்தளித்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கேனை மட்டும் வீசிவிட்டு, அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அவர் இருக்கும் இடத்தைக் கையால் காட்டியபடி கூவிக்கொண்டே நிற்க வேண்டும். அதைத்தான் இந்த வாரம் பழகிக்கொண்டிருக்கிறோம்.