டி ஷார்ப்பா, ஈ ஃபிளாட்டா?

காட்பாடியிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சத்துவாச்சாரிக்கு ஹார்மனி கற்கப் போவேன். பதினைந்து ஆண்டுகளாகத் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். கை போகும் இடம் தெரியும், அதைத் தாளில் எழுதத்தான் தெரியாது. தியரித் தேர்வுப் பயிற்சியில் ஏ மைனரில் ஒரு முடிப்பு கேட்டிருந்தார்கள்: ஐந்தாம் ஸ்வரத்தின்மேல் அமையும் டாமினன்ட் கார்டான ஈ மேஜருக்கு முன்னால், அதை நோக்கி இழுக்கும் ஜெர்மன் ஆக்மென்டட் சிக்ஸ்த் கார்டு வர வேண்டும்.

கீபோர்டில் அது எஃப் செவன்த் போலவே ஒலிக்கிறது. அதனால் எஃப், ஏ, சி, ஈ ஃபிளாட் என்று எழுதினேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஈ ஃபிளாட் எங்கே போகும்?" என்றார். கீழே, டிக்குத்தான். "நீங்கள் போக வேண்டியது ஈக்கு அல்லவா?" டி ஷார்ப் என்று எழுதினால் அது ஈக்கு ஏறுகிறது, பேஸிலுள்ள எஃப் அதே ஈக்கு இறங்குகிறது. ஒரே கறுப்புக் கட்டைதான், ஆனால் போகும் திசை வேறு.

நான் சிறு வயதில் பாட்டு கற்றவன் என்பதால் இது எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. ஏயை ஷட்ஜமாக வைத்தால் ஈ பஞ்சமம். டி ஷார்ப் பிரதி மத்திமம், எஃப் சுத்த தைவதம். இருபுறமும் அரை ஸ்வரத் தொலைவில் நின்று பஞ்சமத்தை நெருக்குகின்றன. அந்த இறுக்கம் ஈயில் வந்து விடுபடுகிறது.

எழுத்து சரியான பிறகும் சிவப்பு மை நிற்கவில்லை. எஃப்பும் சியும் சேர்ந்து ஈக்கும் பிக்கும் இறங்கியதால், இரண்டு குரல்கள் ஐந்தாமிடைவெளி மாறாமல் சேர்ந்தே நகரும் இணை ஐந்தாமிடைவெளி என்ற தவறு வந்துவிட்டது. இதற்கு வழி, நடுவில் ஈ பேஸின்மேல் ஏ மைனர் கார்டை வைப்பது. பேஸ் மட்டும் முதலில் இறங்கும், சி அப்படியே நிற்கும், ஈ மேஜர் வரும்போதுதான் பிக்கு இறங்கும். சியையே விட்டுவிட்டு இத்தாலிய வகையை எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்த வாரம் நியாபோலிட்டன் சிக்ஸ்த். பி ஃபிளாட் மேஜர் கார்டு, பேஸில் டி. அந்த டியையே இரட்டிப்பார்கள். பி ஃபிளாட் நமக்குச் சுத்த ரிஷபம். அது ஏ வழியாக ஜி ஷார்ப்புக்கு இறங்குவதைப் பாடிப் பார்த்தால் ரி, ஸ, நி. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிய எவருக்கும் பழகிய இறக்கம். இங்கே நான் எஃப்பைப் பி ஃபிளாட்டுக்கு மேலே வைத்து, நடுவிலுள்ள ஏ மைனர் கார்டுக்குப் போகையில் மறுபடியும் அதே தவற்றைச் செய்தேன். பி ஃபிளாட்டை உச்சக் குரலுக்கு மாற்றியதும் ஐந்தாமிடைவெளி நான்காமிடைவெளியாயிற்று. நான்குகள் இணையாகப் போகலாம்.

இரண்டு கார்டுகளும் கொண்டுவரும் மாறு ஸ்வரங்களை ஏ மைனரில் சேர்த்து அடுக்கினேன்: ஏ, பி ஃபிளாட், சி, டி ஷார்ப், ஈ, எஃப், ஜி ஷார்ப். அது சுபபந்துவராளி! ஆசிரியரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, பேஸில் நான் இரட்டிக்க மறந்த டியைச் சுட்டிக் காட்டினார்.