லேகியக் குறிப்பு, தீபாவளி 2025

செப்டம்பர் 28, ஞாயிறு

காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில் சாமான் எடுத்தாயிற்று. ஒரு ஈட்டுக்கான எடை: மல்லி விதை 200 கிராம், சுக்கு 120, ஓமம் 100, சீரகம் 100, மிளகு 80. அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் நான்கும் 50 கிராம் வீதம். ஆகமொத்தம் 800 கிராம். நான்கு ஈடு கிண்டுவதாகத் திட்டம்.

திப்பிலியில்தான் ஏமாற்றம் அதிகம். பழையது வெளியே கறுப்பாக நன்றாகவே இருக்கும். ஒடித்தால் உள்ளே தூள். ஒன்றை நுனிப்பல்லால் கடித்துப் பார்த்தேன், நாக்கு சுருக்கென்று எரிந்து மரத்தது. சரி, புதுசு. ஆனாலும் முறத்தில் கொட்டிப் பார்த்ததில் மேடுபள்ளங்களுக்குள் வெள்ளைப் பூஞ்சை படிந்தவை ஒரு கைப்பிடி தேறின. அதைக் கழித்துவிட்டு, குறைந்த எடைக்குப் புதிதாக வாங்கிப் போட வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முற்றத்தில் வெயில் இரண்டு மணி நேரம்தான் விழுந்தது. சுக்கு காயவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று வெயில் நன்றாக அடித்தது. சுக்கையும் சித்தரத்தையையும் உரலில் போட்டு உலக்கையால் நசுக்கிக்கொண்டேன். முழுசாக மில்லில் போட்டால் ஒரு பாதி மாவாகும், மறுபாதி கல்லாகவே வெளியே வரும்.

மல்லி, சீரகம், மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் தனித்தனியாக வெறும் சட்டியில் வறுத்தது. ஓமத்துக்கு மட்டும் கண்ணை எடுக்கக் கூடாது. படபடவென்று பொரிய ஆரம்பித்ததும் இறக்க வேண்டும். கருகிவிட்டால் அந்தக் கசப்பு வெல்லத்திலும் மறையாது. அதிமதுரத்தை வறுக்கவில்லை, வெயில் போதும்.

மில்லில் நமக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்தார்கள். முதலில் இரண்டு கை மல்லியை ஓட விட்டுக் கொட்டிவிட்டுத்தான் நம்முடையதைப் போட்டோம். வீட்டுக்கு வந்ததும் பொடியைத் தாளில் பரப்பிவிட்டேன். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்துக் கட்டி கட்டியாகிவிடும்.

வேட்டித் துணியில் சலிக்க ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. ஈட்டுக்கு 700 கிராம் பொடி, 100 கிராம் கப்பி. கண்டந்திப்பிலி கொடியின் தண்டு என்பதால் நார்தான் அதிகம் நிற்கிறது. அந்த நார் ஒன்று தப்பினாலும் நாக்கில் முடி மாதிரித் தட்டும். கப்பி நம் வீட்டு ரசத்துக்கு.

அக்டோபர் 4, சனி

அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நிற்கிறது.

“சுக்கு, மிளகு, திப்பிலி சேர்த்த தீபாவளி லேகியம்.” காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எடைக் கணக்கில் முதலில் நிற்பது வெல்லம். பொடி முழுவதையும் கூட்டினாலும் வெல்லத்தில் பாதிக்குச் சற்று மேல்தான். மிளகு எங்கோ கடைசியில். எதைச் சொல்லி விற்பது?

அக்டோபர் 6, திங்கள்

முதல் ஈடு. 1.2 கிலோ மண்டை வெல்லம், கறுத்த ரகம். வெளுத்ததைத் தொடவில்லை. தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன், அடியில் ஒரு கரண்டி மண்.

இஞ்சி அரைக் கிலோ. தோல் சீவி, அரைத்துப் பிழிந்ததில் 250 மில்லி சாறு. அதை அரை மணி அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். ஆச்சிமார் அதைச் சுண்ணாம்பு என்பார்கள். உண்மையில் அது இஞ்சியின் மாவு. மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும், அந்த மாவு உள்ளே போனால் லேகியம் கஞ்சிப் பசை மாதிரி இழுக்கும்.

கிண்டி முடிக்க ஒன்றரை மணி. நிறம் அழகு, வாசம் பட்டாலை வரை. உருளியில் சுருண்டு திரண்டு வந்த பிறகே இறக்கினோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

கல்.

கரண்டி இறங்கவில்லை. கடலை மிட்டாயை உடைப்பது போல் உடைக்க வேண்டியிருந்தது. நேற்று அவ்வளவு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே உருளி.

எங்கே தப்பு என்று காலையிலிருந்து யோசித்ததில் இரண்டு இடம் தெரிகிறது. ஒன்று, பாகு. கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சிவிட்டுப் பொடியைப் போட்டேன். அதிரசத்துக்குப் பாகு வைக்கிற கை அப்படியே போய்விட்டது. லேகியத்துக்குக் கம்பியே வேண்டாம். விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டினால் போதும், ஏனென்றால் 700 கிராம் காய்ந்த பொடி பின்னால் வந்து இருக்கும் தண்ணீரையெல்லாம் குடிக்கப் போகிறது. இரண்டாவது, சூட்டில் பதம் பார்த்தது. கொதிக்கிற லேகியம் எப்போதும் இளகலாகத்தான் தெரியும். ஆறினால் இரண்டு மடங்கு இறுகும். சூட்டிலேயே சரியாகத் திரண்டிருக்கிறது என்றால் ஏற்கெனவே தாண்டிப்போய்விட்டது என்று அர்த்தம்.

கிண்ட வரும் அக்கா, “சுடுதண்ணி ஊத்தித் திரும்பக் கிண்டிருவமா ஆச்சி?” என்றார். கிண்டலாம், இளகும். ஆனால் பிறகு ஊற்றிய தண்ணீரைத் திரும்ப வற்றவைத்தால் ஓமம், இஞ்சி வாசம் போகும். வற்றாமல் விட்டால் பத்து நாளில் பூசணம். வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். விற்க முடியாது.

அக்டோபர் 8, புதன்

அறிவிப்பில் வெல்லம் என்றே முதலில் எழுதிவிடலாம்.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாம் ஈடு. வெல்லத் தண்ணீர் கொதித்து நுரை அடங்கி, விரலில் பிசுக்கு வந்ததும் இஞ்சிச் சாற்றை ஊற்றினோம். மறுபடி ஒரு கொதி. அடுப்பை நன்றாகக் குறைத்துவிட்டுப் பொடியைத் தூவத் தூவ அக்கா கிண்டினார். மொத்தமாகக் கொட்டினால் உள்ளே பொடி நனையாத உருண்டை நிற்கும், அதை மத்தால் கூட உடைக்க முடியாது.

பொடி கலந்த பிறகு 100 கிராம் நல்லெண்ணெய், பின் 300 கிராம் நெய்யை நான்கு தடவையாக. முதல் மூன்று தடவையும் நெய்யை உறிஞ்சிக்கொண்டே போகும். நான்காவதில் ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும். அதுதான் நாம் பார்க்க வேண்டிய இடம். உடனே பீங்கான் தட்டில் ஒரு துளி போட்டு, இரண்டு நிமிஷம் ஆறவிட்டு உருட்டினேன். கையில் ஒட்டவில்லை, ஆனால் அழுத்தினால் நசுங்குகிறது. இறக்கு என்றேன். உருளியில் இருப்பது இன்னும் குழம்பாகத்தான் தெரிந்தது. அக்காவுக்கு நம்பிக்கையே இல்லை.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு 150 கிராம் தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பதம்! கரண்டியில் எடுத்தால் சுருண்டு நிற்கிறது. எடை 2.6 கிலோ.

அக்டோபர் 11, சனி

சந்தோஷம் ஒரு நாள். முந்தாநாள் சாயங்காலம் அவசரத்தில் இரண்டு பாட்டிலை மட்டும் வெதுவெதுப்பிலேயே மூடிவிட்டிருக்கிறார்கள், இன்று மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அது சொட்டி மேற்பரப்பில் விழுந்தால் அந்த இடத்தில் வெல்லம் நீர்த்துப்போகும், பூசணம் அங்கேதான் பிடிக்கும். அந்த இரண்டையும் தனியே எடுத்துவிட்டேன். மற்றவை துணி கட்டி இரவு முழுக்க ஆறவைத்தவை. மூடி காய்ந்தே இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

அறிவிப்பு, ஐந்தாவது தடவை எழுதியது:

“தீபாவளி லேகியம். வீட்டு அடுப்பில், ஈயம் பூசிய பித்தளை உருளியில், ஒரு தடவைக்கு இரண்டரைக் கிலோ அளவில் கிண்டியது. சேர்ந்திருப்பவை, எடை வரிசையில்: வெல்லம், பசு நெய், இஞ்சிச் சாறு, மல்லி விதை, தேன், சுக்கு, நல்லெண்ணெய், ஓமம், சீரகம், மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம். நிறமியோ பதப்படுத்தும் பொருளோ சேர்க்கவில்லை. பாதிக்குக் கிட்டத்தட்ட வெல்லம். காரமும் இனிப்பும் சேர்ந்திருக்கும், ஓம வாசம் முன்னால் நிற்கும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நெல்லிக்காய் அளவு சாப்பிடுவது வழக்கம். காய்ந்த கரண்டி போடவும். கிண்டிய தேதி பாட்டிலில் உள்ளது, அதிலிருந்து 30 நாளுக்குள் முடிக்கவும். தேன் இருப்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.”

30 நாள் என்பது என் பயத்தில் எழுதியது. சரியாகக் கிண்டியது அதற்கு மேலும் நிற்கும். ஆனால் எல்லார் வீட்டுக் கரண்டியும் காய்ந்திருக்கும் என்று நான் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 13, திங்கள்

லேபிள் அடிக்கிறவர், “வயித்துக் கோளாறு நீங்கும்னு ஒரு வரி போடுங்க ஆச்சி, அப்பத்தான் ஓடும்” என்கிறார். வேண்டாம் தம்பி என்றேன். நாம் எடுத்திருப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, 14 இலக்க எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நோய் தீரும் என்று எழுதக் கூடாது. மருந்தென்று விற்க ஆயுஷ் உரிமம் தனி. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், யார் வயிற்றில் என்ன இருக்கிறதென்று எனக்கு என்ன தெரியும்? “செரிக்கும்” என்ற சொல்லைக்கூட அடித்துவிட்டேன்.

அவர் பெரிய எழுத்தில் மிளகையும் திப்பிலியையும் படம் போட்டிருந்தார். வெல்லத்தையும் போடச் சொன்னேன். சிரித்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மூன்றாம் ஈடு இறங்கியது. ஒன்றும் சொல்வதற்கில்லை.

போனில் கேள்விகள். சர்க்கரை இருக்கிறவர் சாப்பிடலாமா? பாதி வெல்லம், டாக்டரைக் கேளுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்? அதிமதுரம் இருக்கிறது, சிலருக்கு அது பிரஷரை ஏற்றும், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மாசமாயிருக்கிற பெண்? அதே பதில். தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி, “எதைக் கேட்டாலும் டாக்டரைக் கேளுங்கிறீக, அப்புறம் எதுக்கு விக்கிறீக?” என்றார். ருசிக்குத்தான் ஆச்சி, வழக்கத்துக்கு. நான்கு பாட்டில் சொல்லிவிட்டு வைத்தார்.

அதிமதுரத்தைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். லேபிளில் இடம் இல்லை. படத்தைச் சின்னதாக்கச் சொல்லலாம்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. கழுவிய பாட்டில்கள் முற்றத்தில் காயப் போட்டது அப்படியே நனைந்தன. திரும்பக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, சூடான வெறும் இட்லிப் பானைக்குள் அடுக்கிக் காயவைத்தோம். ஒரு தடவைக்கு ஒன்பது பாட்டில்தான் பிடிக்கிறது. அடியில் துணி விரிக்காமல் வைத்ததில் ஒன்று விரிசல்.

நெய்க்கு வெண்ணெய் உருக்கியது இன்று சரியில்லை. சலசலப்பு அடங்குவதற்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். ஈரம் நின்ற நெய் சீக்கிரம் காறும். திரும்ப அடுப்பில் ஏற்றி, ஓசை முழுக்க அடங்கும் வரை வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நான்காம் ஈடு. இஞ்சி ரொம்ப இளசு, சாறு 320 மில்லி வந்துவிட்டது. 250 மட்டும் ஊற்றினேன். மீதியை வீணாக்குவானேன் என்று அக்கா ஊற்றப் போனார், கையைப் பிடித்துவிட்டேன். 70 மில்லி கூடினால் அதை வற்றவைக்க இன்னும் கால் மணி கிண்ட வேண்டும், அதற்குள் பொடி அடிப்பிடிக்கும்.

சென்னைப் பெட்டிகள் சாயங்கால பஸ்ஸில் போயாயிற்று. கண்ணாடி பாட்டிலுக்கு நடுவே வைக்கோல். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் மூடி வழியே நெய் கசிந்து லேபிள் ஊறுகிறது.

அக்டோபர் 18, சனி

பதினொரு பாட்டில் மிச்சம். தனியே வைத்த அந்த இரண்டைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஒன்றுமில்லை. மற்றதில் ஓரமாக, கடுகளவு வெள்ளை.