டைட்டில் டெம்ப்ளேட்டில் நிறமும் எழுத்தும் மாற்றிய கதை

ஆறு நொடி டைட்டில். நடுவில் ஓர் ஆரஞ்சு பட்டை விரியும், சற்றே கூடுதலாக நீண்டு பின்வாங்கி நிற்கும், அதற்குள் எழுத்துகள் பக்கவாட்டில் இருந்து ஒவ்வொன்றாக நுழையும். ஐந்தாவது நொடியில் எல்லாம் சுருங்கி மறையும். வீடியோவுக்கு அனிமேஷன் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டே மாற்றம்: பட்டையைப் பச்சையாக்கணும், YOUR TITLE என்ற இடத்தில் "மொட்டைமாடித் தோட்டம்" என்று போடணும். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது.

முதலில் நிறம். டைம்லைனில் இரண்டாவது நொடியில் நின்றுகொண்டு, பட்டையின் Fill நிறத்தைப் பச்சையாக மாற்றினேன். அந்த ஃப்ரேமில் அழகாகத்தான் இருந்தது. பிளே செய்தால் பட்டை ஆரஞ்சாகப் பிறந்து, மெல்ல மெல்லப் பச்சையாகி, போகும்போது திரும்ப ஆரஞ்சாகிவிட்டது! காரணம் அந்த Color பக்கத்தில் இருந்த ஸ்டாப்வாட்ச் சின்னம். டெம்ப்ளேட் செய்தவர் தொடக்கத்திலும் முடிவிலும் நிறத்துக்குக் கீஃப்ரேம், அதாவது இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்ற குறி, வைத்திருந்தார். நடுவில் நின்று மாற்றினால் பழையது மாறாது, மூன்றாவதாக ஒரு கீஃப்ரேம் முளைக்கும். பதறி ஸ்டாப்வாட்சை அணைக்காதீர்கள், அது எல்லாக் கீஃப்ரேமையும் அழித்துவிடும். நிறத்தில் பரவாயில்லை, அசைவு தரும் இடத்தில் அணைத்தால் அனிமேஷனே போச்சு. நான் செய்தது இதுதான்: லேயரைத் தேர்ந்து U அழுத்தினால் கீஃப்ரேம் உள்ளவை மட்டும் விரியும். J, K விசைகளால் ஒவ்வொரு கீஃப்ரேமின் மேலும் சரியாகப் போய் நின்று நிறத்தை மாற்றினேன். நடுவில் முளைத்ததை நீக்கினேன்.

அடுத்தது எழுத்து. தமிழில் தட்டியதும் இரு ஓரமும் வெட்டுப்பட்டு "ட்டைமாடித் தோட்ட" என்று நின்றது. பட்டையின் அகலம் 620, என் எழுத்தின் அகலம் 940. லேயரை அகலவாக்கில் மட்டும் Scale செய்து பார்த்தேன், வட்டமான முனைகள் முட்டை மாதிரி இழுபட்டன. சரி என்று Size-இல் 1020 போட்டேன். நிறத்தில் செய்த அதே தப்பு! பட்டை 1020 வரை விரிந்து, அடுத்த கீஃப்ரேம் வந்ததும் 620-க்குச் சுருங்கியது.

Size-இல் ஐந்து கீஃப்ரேம் இருந்தன: 0, 650, 620, பிறகு ஐந்தாவது நொடியில் மறுபடி 620, கடைசியில் 0. அந்த 650-தான் விரிந்து பின்வாங்கும் துள்ளல். ஒவ்வொன்றையும் கையால் மாற்றலாம்தான், ஆனால் நாளைக்குத் தலைப்பு மாறினால் மறுபடி முதலில் இருந்து வரணும். அதனால் Alt அழுத்தியபடி ஸ்டாப்வாட்சைச் சொடுக்கி ஓர் எக்ஸ்பிரஷன், அதாவது மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சிறு நிரல், எழுதினேன்.

```
r = thisComp.layer("Title").sourceRectAtTime(3, false);
[value[0] / 620 * (r.width + 80), value[1]]
```

இதில் Title என்பது எழுத்து லேயரின் பெயர், r.width அந்த எழுத்தின் அகலம், value என்பது கீஃப்ரேம் தரும் பழைய எண். அதை 620-ஆல் வகுத்தால் பட்டை எத்தனை பங்கு விரிந்திருக்கிறது என்று கிடைக்கும். அதைப் புது அகலத்தால் பெருக்குகிறோம். ஓரங்களுக்கு 80 சேர்த்து 1020. துள்ளும் இடத்தில் 650 வந்தால் ஏறத்தாழ 1069 ஆகும். வேகமும் துள்ளலும் கீஃப்ரேமில் அப்படியே இருக்கின்றன, அளவு மட்டும் மாறுகிறது. அகலத்தின் இடத்தில் value[0] இல்லாமல் வெறும் r.width + 80 என்று எழுதியிருந்தால் பட்டை விரியவே விரியாது, முதல் ஃப்ரேமிலேயே முழு நீளத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த 3 எதற்கு? அடைப்புக்குள் ஒன்றும் போடாவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அகலத்தை அளக்கும். எழுத்துகள் உள்ளே நகர்ந்து வரும்போது அந்த அகலமும் மாறும், பட்டை நடுங்கும். மூன்றாவது நொடியில் எல்லா எழுத்தும் அசையாமல் நிற்கிறது, அளவை அங்கே எடுத்தால் போதும்.

இதற்குப் பிறகும் எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டதுதான் என்னை அதிகம் சோதித்தது. பட்டை அகலமாக இருக்கிறது, எழுத்து மட்டும் பழைய 620-க்குள் அடைபட்டிருக்கிறது. தேடினால், கண் சின்னம் அணைக்கப்பட்ட இன்னொரு பட்டை லேயர் இருந்தது. எழுத்து எந்த எல்லைக்குள் தெரியணும் என்று தீர்மானிக்கும் டிராக் மேட்டாக வேலை பார்ப்பது அதுதான். அதே எக்ஸ்பிரஷனை அதிலும் ஒட்டியதும் சரியானது.

மிச்சம் இருந்தது தமிழுக்கே உரிய தொல்லை. "மொ" நுழையும்போது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்து சேர்ந்தன. எழுத்தின் Animator-க்குள் Range Selector, Advanced போய், Based On-ஐ Characters-இலிருந்து Words ஆக்கினேன். Offset கீஃப்ரேம்களைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பத்து எழுத்தின் வரிசை நடை போய் இரண்டு சொல் அடுத்தடுத்து வருகிறது. கொஞ்சம் அழகு குறைவுதான், ஆனால் கொம்பு தனியாக ஓடி வருவதைவிட மேல்.